முக்கோண குரோஷே சால்வை: கண்ணி கூட்டுவதும் ஓரம் நேராக வருவதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நடு முதுகிலிருந்து பின்னும் சால்வை என்கிறார்கள். எங்கே தொடங்குகிறோம், எந்தப் பக்கம் வளர்கிறது?

பின்கழுத்தின் நட்ட நடுவில் தொடங்குகிறோம். அங்கே ஒரு சின்ன வளையம். அதிலிருந்து முதல் வரிசை அரைவட்டத் துண்டு போல வரும். அதன் பிறகு ஒவ்வொரு வரிசையும் இடது மேல் முனையில் தொடங்கி, கீழே உள்ள கூர் முனை வரை இறங்கி, அங்கே திரும்பி, வலது மேல் முனைக்கு ஏறும். அதாவது ஒவ்வொரு வரிசையும் ஒரு V. அடுத்தடுத்த V-க்கள் ஒன்றன் கீழ் ஒன்றாகச் சேரும்போது முக்கோணம் பெரிதாகிறது. சால்வையின் மேல் ஓரம் தனியாகப் பின்னப்படுவதில்லை. வரிசைகளின் இரண்டு முனைகளும் அடுக்கடுக்காகச் சேர்ந்ததுதான் மேல் ஓரம். ஓரத்தைப் பற்றி வரும் தொல்லைகளில் பாதி இதிலிருந்துதான் வருகிறது.

இந்தப் பக்கம் முழுவதும் ஒரே சால்வையை வைத்துப் பேசுகிறேன். நடுத்தரத் தடிப்புள்ள நூல், 5 மி.மீ. ஊசி, எல்லாம் டபுள் குரோஷே. டபுள் என்று நான் சொல்வது, ஊசியில் ஒரு முறை நூல் சுற்றிக்கொண்டு கண்ணிக்குள் நுழைப்பதை. பிரிட்டிஷ் முறையில் எழுதிய பேட்டர்ன்களில் இதற்கே ட்ரெபிள் என்று பெயர். அந்தக் குழப்பம் வேண்டாம் என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் வரிசை: மேஜிக் ரிங் போட்டு, 4 செயின் (இதில் 3 செயின் ஓர டபுளுக்கு, 1 செயின் இடைவெளிக்கு), வளையத்துக்குள் 3 டபுள், 2 செயின், 3 டபுள், 1 செயின், 1 டபுள். வளையத்தை இறுக்கிவிட்டுத் திருப்புங்கள்.

இரண்டாம் வரிசை முதல் எல்லா வரிசையும் ஒன்றுதான். 4 செயின் போட்டு, ஓரத்தில் இருக்கும் 1 செயின் ஓட்டையில் 2 டபுள். பிறகு ஒவ்வொரு டபுளின் மேலும் ஒரு டபுள். நடுவில் உள்ள 2 செயின் ஓட்டையில் 2 டபுள், 2 செயின், 2 டபுள். மறுபாதியிலும் கண்ணிக்கு ஒரு டபுள். கடைசி ஓர ஓட்டையில் 2 டபுள், பிறகு 1 செயின், முந்தைய வரிசையின் ஓரக் கண்ணியின் தலையில் 1 டபுள். இனி ஓர ஓட்டை, நடு ஓட்டை என்றே சொல்கிறேன்.

ஒவ்வொரு வரிசைக்கும் 8 கண்ணி கூடுகிறது. ஏன் 8? யார் முடிவு செய்தது?

கண்ணியின் உயரமும் அகலமும்தான் முடிவு செய்கின்றன. மேல் ஓரம் நேர்கோடாக இருக்க வேண்டும், நடுக்கோடு அதற்குச் செங்குத்தாக இறங்க வேண்டும் என்றால், நடுக்கோட்டின் இருபுறமும் உள்ள பாதிகள் ஒவ்வொன்றும் செங்கோண முக்கோணமாக வர வேண்டும். அப்படி வருவதற்கு, வரிசை எவ்வளவு உயரம் ஏறுகிறதோ, அதே அளவு அந்தப் பாதியின் இரண்டு முனையிலும் அகலம் கூட வேண்டும். இரண்டு பாதிக்கு மொத்தம் நான்கு முனைகள். ஆகவே கணக்கு இதுதான்:

ஒரு வரிசையில் கூட்ட வேண்டிய கண்ணி = 4 × (வரிசையின் உயரம் ÷ கண்ணியின் அகலம்)

என் நூலில் 10 செ.மீ. அகலத்துக்கு 14 டபுள், 10 செ.மீ. உயரத்துக்கு 7 வரிசை வந்தது. அப்படியானால் உயரம் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. 4 × 2 = 8. டபுளில் பலருக்கும் இதற்குப் பக்கத்தில்தான் வரும், அதனால்தான் பெரும்பாலான பேட்டர்ன்கள் 8 என்கின்றன. இந்த 8-ல் பாதி நடுக்கோட்டில் (இருபுறமும் இரண்டிரண்டு), பாதி மேல் ஓரங்களில் (முனைக்கு இரண்டு).

சிங்கிள் குரோஷே ஏறக்குறைய சதுரமாக இருக்கும், அதனால் அதற்கு 4 போதும். ஹாஃப் டபுளுக்கு 6 வரும். 6-ஐ நான்கு முனைக்குச் சமமாகப் பிரித்தால் ஒன்றரை என்று வருமே என்று கேட்பீர்கள். ஒரு வரிசையில் ஓரத்துக்கு ஒன்றும் நடுவில் பக்கத்துக்கு இரண்டும், அடுத்த வரிசையில் ஓரத்துக்கு இரண்டும் நடுவில் பக்கத்துக்கு ஒன்றும் என்று மாற்றி மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

பேட்டர்னில் சொன்னபடியே போட்டேன். என் சால்வையைத் தரையில் விரித்தால் இரண்டு இறக்கையும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கின்றன. தோழியுடையது கீழே தொங்குகிறது. ஏன்?

உங்கள் இருவர் கையும் வேறு. கோஸ்டர் போன்ற வட்டப் பின்னலில் கண்ணி அதிகமானால் துணி அலை அலையாக நெளியும், குறைந்தால் கிண்ணம் போலக் குவியும். இந்தச் சால்வை வட்டம் அல்ல, மேல் பக்கம் திறந்திருக்கிறது. அதனால் கூடுதல் கண்ணிகள் நெளிவாக வராமல் கோணமாக வெளிப்படுகின்றன. அதிகம் கூட்டினால் இறக்கைகள் மேலே போகும், கழுத்து நடுவில் பள்ளம் விழும். குறைவாகக் கூட்டினால் இறக்கைகள் இறங்கும், கழுத்து நடு கூரை முகடு போல உயர்ந்து நிற்கும். துணி நெளியவில்லையே, அப்படியானால் எண்ணிக்கை சரிதான் என்று பலர் ஏமாறுவது இதனால்தான்.

உங்கள் அளவு 10 செ.மீ.க்கு 14 கண்ணி, 8 வரிசை என்று வைத்துக்கொள்வோம். கண்ணி கொஞ்சம் குட்டை. கணக்குப் போட்டால் 4 × 1.75 = 7. உங்களுக்குத் தேவை 7, போட்டது 8. ஒரு கண்ணிதானே என்று தோன்றும். ஆனால் ஒரு பக்க இறக்கை 70 செ.மீ. நீளம் வரும்போது அதன் நுனி நேர்கோட்டுக்கு மேலே கிட்டத்தட்ட 9 செ.மீ. ஏறியிருக்கும். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் ஓர ஓட்டைகளில் 2 டபுளுக்குப் பதில் 1 மட்டும் போட்டால் சராசரி 7 ஆகிவிடும், ஓரம் நேராகும். நடுவில் கை வைக்காதீர்கள். நடுவில் குறைத்தால் கீழ் முனையின் கூர்மையும் போய்விடும்.

தோழியின் சால்வையில் கண்ணிகள் உயரமாக இருக்கும், அல்லது அவர் எங்கோ கண்ணியைத் தவறவிடுகிறார். இரண்டாவதைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். எண்ணிக்கை சரியாக இருந்தும் தொங்கினால், நான்கு வரிசைக்கு ஒரு முறை ஓர ஓட்டையில் 3 டபுள் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கொஞ்சம் மேலே தூக்கிய இறக்கையைக் குறை என்று நான் சொல்லமாட்டேன். கழுத்தை ஒட்டி உட்காரும், தோளிலிருந்து வழுக்காது. நேர் ஓரம் வேண்டுமென்றே விரும்புகிறவர்கள் மட்டும் திருத்தினால் போதும்.

இதையெல்லாம் எத்தனையாவது வரிசையில் பார்க்க வேண்டும்?

பத்தாவது வரிசையில். மேல் ஓரம் சுமார் 40 செ.மீ. வந்திருக்கும். தரையில் விரித்து, ஒரு நீள ஸ்கேலைக் கழுத்து நடுவைத் தொடும்படி வைத்தால் இறக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பளிச்சென்று தெரியும். அதுவரை போட்டது 440 டபுள்தான், பிரித்தாலும் மனம் வலிக்காது.

எண்ணிக்கை சரியா என்று ஒவ்வொரு வரிசையிலும் எண்ணிக்கொண்டே இருக்க முடியவில்லை. சுலப வழி உண்டா?

உண்டு. மேலே சொன்ன முறையில் போட்டால், ஒரு வரிசையின் மொத்த டபுள் = 8 × வரிசை எண். ஓர டபுள் இரண்டும் இதில் அடக்கம், செயின்கள் சேராது. முதல் வரிசையில் 8, ஐந்தில் 40, இருபதில் 160.

மொத்தத்தை எண்ணுவதைவிடப் பாதியை எண்ணுவது நல்லது. ஓர ஓட்டைக்கும் நடு ஓட்டைக்கும் இடையே ஒரு பாதியில் இருக்க வேண்டியது 4 × வரிசை எண், அதில் ஒன்று குறைவு. பத்தாவது வரிசையில் பாதிக்கு 39. இரண்டு பாதியும் சமமாக இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ஐந்து வரிசைக்கு ஒரு முறை எண்ணினால் போதும். வரிசை எண் மறந்துபோனால் நடுக்கோட்டில் உள்ள ஓட்டைகளை எண்ணுங்கள், வரிசைக்கு ஒன்று.

ஒரு கண்ணியும் விடவில்லை என்று சத்தியமே செய்வேன். ஆனாலும் எண்ணும்போது குறைகிறது. எங்கே போகிறது?

நடு ஓட்டைக்கு அடுத்த முதல் கண்ணியைப் பாருங்கள். அங்கேதான் போகிறது.

நடு ஓட்டையில் 2 டபுள், 2 செயின், 2 டபுள் போட்டதும், கடைசியாகப் போட்ட டபுள் சாய்ந்து, மறுபாதியின் முதல் கண்ணியின் தலையை மூடிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரிவது இரண்டாவது கண்ணி. அதில் ஊசியை விட்டுவிடுவோம். வரிசைக்கு ஒன்று இப்படி மறைந்துவிடும்.

இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வரிசைக்கு வரிசை திருப்பிப் போடுகிறோம் அல்லவா? இந்த வரிசையில் நடுவைத் தாண்டி வரும் பாதி, அடுத்த வரிசையில் நடுவுக்கு முன்னால் வரும் பாதி. அதனால் இழப்பு ஒரு முறை இந்தப் பக்கம், ஒரு முறை அந்தப் பக்கம் என்று மாறி மாறி விழும். இரண்டு பாதியும் ஒரே மாதிரி குறைவதால் கோணல் எதுவும் கண்ணில் படாது. இறக்கைகள் மெதுவாகத் தொங்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

என் முதல் சால்வை அப்படித்தான் ஆயிற்று. கொடைக்கானலில் இருக்கும் என் பெரியம்மாவுக்காகப் போட்டது. 30 வரிசை வரை எண்ணாமல் ஓட்டிவிட்டேன். விரித்துப் பார்த்தால் கழுத்து நடு முகடு போல நிற்கிறது, இறக்கை நுனிகள் 8 செ.மீ. கீழே கிடக்கின்றன. 240 இருக்க வேண்டிய இடத்தில் 211. ஒரு பாதியில் 105, மறுபாதியில் 104, ஓர டபுள் இரண்டு. இரண்டாம் வரிசையிலிருந்து வரிசைக்கு ஒன்று, மொத்தம் 29 காணோம். முழுவதையும் பிரித்து மறுபடி போட்டேன்.

நடு ஓட்டையை முடித்ததும், நீங்கள் வலது கைக்காரர் என்றால், புதிதாகப் போட்ட கண்ணிகளை இடது கட்டைவிரலால் வலப்பக்கம் தள்ளிப் பிடியுங்கள். அடியில் ஒளிந்திருக்கும் தலை வெளியே வரும். அப்புறம் அதில் போடுங்கள். நாலைந்து வரிசைக்குப் பிறகு கை தானாகத் தேடிப் போகும். ஒன்றிரண்டு கண்ணி விட்டுப்போனது பின்னால் தெரிந்தால் பிரிக்க வேண்டாம். அடுத்த வரிசையில் அந்தப் பக்கம் நடு ஓட்டையில் 2-க்குப் பதில் 3 போட்டு ஈடுகட்டலாம், யாருக்கும் தெரியாது. பத்துக்கு மேல் போய்விட்டால் பிரிப்பதுதான் நேர்மையான வழி.

எண்ணிக்கை எல்லாம் சரி. ஆனால் மேல் ஓரம் கயிறு போட்டு இழுத்தது போலச் சுருங்குகிறது. நான் இறுக்கமாகப் போடுகிறேனா?

கொஞ்சம் இறுக்கமாக இருக்கலாம், ஆனால் உண்மையான காரணம் வேறு. துணிக்குள் இருக்கும் டபுள் நேராக நிற்கிறது. ஓரத்து டபுளோ சாய்ந்து கிடக்கிறது. சதுரத்தின் பக்கத்தைவிட மூலைவிட்டம் நீளம் அல்லவா, அதே கதை. என் சால்வையில் ஒரு வரிசையின் உயரம் 1.4 செ.மீ. சொச்சம். ஆனால் அதே வரிசை மேல் ஓரத்தில் அடைக்க வேண்டிய நீளம் 2 செ.மீ. ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. டபுளும் 3 செயினும் அவ்வளவு தூரம் எட்டாது. அதனால் ஓரத்தை உள்ளே இழுக்கின்றன.

ஆகவே ஓரக் கண்ணியை மட்டும் ஒரு படி உயரமாக்குங்கள். வரிசை முடிவில், கடைசி ஓர டபுளுக்குப் பதிலாக ட்ரெபிள், அதாவது ஊசியில் இரண்டு முறை நூல் சுற்றிப் போடுவது. வரிசைத் தொடக்கத்தில் 4 செயினுக்குப் பதில் 5 செயின். நாலு ஓரக் கண்ணிக்கு, ஒன்று இடைவெளிக்கு. எண்ணிக்கையில் எந்த மாற்றமும் இல்லை. ஓரம் மட்டும் தளர்ந்து படுக்கும். இதை முதல் வரிசையிலிருந்தே செய்ய வேண்டும், பாதியில் மாற்றினால் அந்த இடத்தில் ஓரம் முறியும்.

பெரிய ஊசியால் ஓரத்தை மட்டும் போடுங்கள் என்று சிலர் சொல்வார்கள். வரிசைக்கு இரண்டு முறை ஊசி மாற்றுவது வீண் வேலை.

ஓரத்தில் ஒரு வரிசை மெல்லியதாகவும் அடுத்தது தடிப்பாகவும் மாறி மாறி வருகிறது. பார்க்கப் பல் வரிசை போல இருக்கிறது.

வரிசை தொடங்கும் முனையில் செயின் நிற்கிறது, முடியும் முனையில் முழுக் கண்ணி நிற்கிறது. திருப்பித் திருப்பிப் போடுவதால் ஒவ்வொரு ஓரத்திலும் செயின், கண்ணி, செயின், கண்ணி என்று அடுக்கு விழும். செயின் ஒல்லி, கண்ணி தடிப்பு. ஒரு பேட்டர்னைக் குறை சொல்லிப் பயனில்லை, செயினில் தொடங்கும் எல்லாப் பின்னலிலும் இது உண்டு.

செயினைக் கைவிட்டுவிடுவதுதான் தீர்வு. அதற்குப் பதிலாக அடுக்குச் சிங்கிள் போடலாம். துணியைத் திருப்பியதும், செயின் எதுவும் போடாமல், முதல் கண்ணியின் தலையிலேயே ஒரு சிங்கிள். இப்போது அந்தச் சிங்கிளின் இடது பக்கத்தில் செங்குத்தாக ஓடும் ஒரு இழை தெரியும். அதன் அடியில் ஊசியை விட்டு இன்னொரு சிங்கிள். இரண்டு அடுக்கு ஒரு டபுளின் உயரம். மேலே சொன்ன உயரமான ஓரம் வேண்டும் என்பதால் அதே மாதிரி மூன்றாவதையும் அடுக்குங்கள், ட்ரெபிள் உயரம் வந்துவிடும். அப்புறம் இடைவெளிக்கு 1 செயின் போட்டு வரிசையைத் தொடருங்கள்.

மூன்றையும் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இறுக்கினால் ஓரத்தில் முடிச்சு முடிச்சாகத் தெரியும். முதல் நாள் கை தடுமாறும், வேகம் குறையும். ஆனால் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தால் இரண்டு வரிசையும் ஒரே தடிப்பு.

செயின் போட்டே பழகிவிட்டேன். வரிசை முடிவில் கடைசிக் கண்ணியை எந்தச் செயினில் போடுவது?

4 செயின் போட்டிருந்தால் கீழிருந்து மூன்றாவதில், 5 போட்டிருந்தால் நான்காவதில். மீதி ஒன்று இடைவெளிக்கு உரியது. அதன் அடியில் பெரிய ஓட்டையாகத் தெரிகிறதே என்று ஓட்டைக்குள் போட்டுவிட்டால் ஓரக் கண்ணி பிடிமானம் இல்லாமல் நழுவி, அந்த இடத்தில் ஓரம் கிழிந்தது போல வாய் திறக்கும். செயின் போடும்போதே அந்தச் செயினில் ஒரு மார்க்கரோ, வேறு நிற நூல் துண்டோ மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது தேட வேண்டாம். ஊசியைச் செயினின் இரண்டு இழைகளுக்கு அடியில் விடுங்கள். ஓர் இழையில் மட்டும் விட்டால் நாளடைவில் அது நீண்டுவிடும்.

துணியை ஒவ்வொரு முறையும் ஒரே திசையில் திருப்புங்கள், புத்தகப் பக்கம் புரட்டுவது போல. செயின் முறுக்கிக்கொண்டு நின்றால் எதிர்த்திசையில் திருப்பிப் பாருங்கள்.

கழுத்து நடுவில், தொடங்கிய இடத்தில் ஒரு புடைப்பு நிற்கிறது.

செயின்களைச் சேர்த்து வளையம் போட்டுத் தொடங்கியிருப்பீர்கள். அந்த வளையத்தின் மேல் பாதி வெறுமையாக ஓரத்துக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. மேஜிக் ரிங்கில் தொடங்கி, முதல் வரிசை முடிந்ததும் முழுவதும் இறுக்கிவிட்டால் இருபுற ஓரக் கண்ணிகளும் ஒன்றையொன்று தொட்டு ஒரே கோட்டில் படுக்கும். சால்வை தொங்கும்போது எடை முழுவதும் அந்த இடத்தில்தான் இழுக்கும். அதனால் நுனி நூலை வளையத்தைச் சுற்றி ஒரு முறை, பிறகு எதிர்த்திசையில் ஒரு முறை கோத்து மறையுங்கள். ஒரு முறை மட்டும் கோத்ததை நாலு துவைப்பில் வளையம் திறந்துகொண்டதைப் பார்த்திருக்கிறேன்.

நடுக்கோடு வளைந்து வளைந்து போகிறது.

ஏதோ ஒரு வரிசையில் நடு ஓட்டையைத் தவறவிட்டுப் பக்கத்தில் உள்ள இரண்டு டபுளுக்கு இடையே போட்டிருக்கிறீர்கள். நடு ஓட்டையில் மார்க்கர் மாட்டி, ஒவ்வொரு வரிசையும் அதைத் தாண்டியதும் புதிய 2 செயினுக்கு மாற்றுங்கள். வளைவு தொடங்கிய இடத்தில் இரண்டு பாதியையும் எண்ணினால் எந்த வரிசை என்று பிடிபடும்.

மேல் ஓரத்துக்கு ஒரு வரிசை சிங்கிள் போட்டு முடிக்க ஆசை. ஒரு முறை போட்டேன், நெளிந்துவிட்டது. மறுமுறை சுருங்கிவிட்டது. எத்தனை போடுவது?

ஓரத்தில் ஒரு வரிசையின் நீளம் 2 செ.மீ. என்று பார்த்தோம். 10 செ.மீ.க்கு 14 சிங்கிள் வந்தால் 2 செ.மீ.க்கு 3-க்குச் சற்றுக் குறைவு. அதனால் ஒவ்வொரு வரிசை முனையிலும், ஓர ஓட்டைக்குள், 3 சிங்கிள். ஆறாவது வரிசைக்கு மட்டும் 2. இதே வட்டம் திரும்பத் திரும்ப. 35 வரிசைச் சால்வை என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 70 முனை, ஏறக்குறைய 198 சிங்கிள். மேல் ஓரத்தின் நீளம் 141 செ.மீ., அதையும் 14-ஆல் கணக்கிட்டால் இதே எண் வருகிறது.

முதல் 10 முனை போட்டதும் நிறுத்தி, தரையில் வைத்துப் பாருங்கள். அந்தப் பகுதி 20 செ.மீ. சொச்சம் இருந்து 29 சிங்கிள் இருந்தால் சரி. சுருங்கினால் 2 போடும் இடங்களை 3 ஆக்குங்கள், நெளிந்தால் நாலு முனைக்கு ஒரு முறை 2 போடுங்கள். கழுத்து நடுவில், வளையத்தின் மேல், 1 சிங்கிள் போதும்.

நூல் போதுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பாதி உருண்டை இருக்கும்போது பாதி சால்வை ஆகிவிட்டதா?

இல்லை, இங்கே பலர் ஏமாறுவார்கள். ஒவ்வொரு வரிசையும் முந்தையதைவிட நீளம். 35 வரிசைக்கு மொத்தம் 5,040 டபுள். அதில் பாதி முடிவது 25-வது வரிசை முடிவதற்குச் சற்று முன்னால். பாதி நூல் தீர்ந்தபோது நீங்கள் 18-வது வரிசையில்தான் இருக்கிறீர்கள் என்றால் சால்வை 25-ஐத் தாண்டினால் பெரிது. கடைசி வரிசை மட்டும் மொத்த நூலில் இருபதில் ஒரு பங்குக்கு மேல் தின்னும். சமையலறைத் தராசில் ஒரு வரிசைக்கு முன்னும் பின்னும் உருண்டையை எடை பாருங்கள். மீதி நூல் அந்த எடையைப் போல இரண்டு மடங்குக்குக் கீழே வந்தால், இன்னும் ஒரு வரிசை மட்டும் போட்டு முடித்துவிடுங்கள்.

புது உருண்டையை ஓரத்தில் இணைத்தால் சுத்தமாக இருக்குமா?

மற்றப் பின்னலில் ஆம், இதில் வேண்டாம். மேல் ஓரம் கழுத்தருகே எல்லோர் கண்ணிலும் படும் இடம், அங்கே நுனியை மறைத்தால் தடித்துவிடும். ஓரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கண்ணி உள்ளே தள்ளி இணையுங்கள்.

ப்ளாக்கிங் செய்தால் கோணல் ஓரம் நேராகிவிடுமா?

ஓரிரு சென்டிமீட்டர் வரை ஆகும். கம்பளி நூலை நனைத்து, ஈரத்தை டவலில் ஒற்றியெடுத்து, முதலில் மேல் ஓரத்தை ஒரு இழுத்துக் கட்டிய நூலுக்கு நேராகத் துருப்பிடிக்காத குண்டூசியால் குத்துங்கள். பிறகு நடுக்கோட்டை நேராக இழுத்துக் கீழ் முனை, கடைசியில் சரிவுகள். முழுவதும் காய்ந்த பிறகே எடுக்க வேண்டும். பருத்தியும் ஓரளவு கேட்கும், ஆனால் அடுத்த துவைப்பில் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அக்ரிலிக் நூல் வெறும் ஈரத்துக்கு மசியாது. இஸ்திரிப் பெட்டியைத் துணியில் படாமல் இரண்டு விரல் உயரத்தில் பிடித்து ஆவி மட்டும் காட்டுங்கள். பட்டுவிட்டால் இழை உருகிப் பளபளப்பாகி, துணி துவண்டுவிடும், அதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை. 9 செ.மீ. தூக்கிய இறக்கையை எந்தக் குண்டூசியும் இறக்காது. அதற்குக் கண்ணியைத்தான் குறைக்க வேண்டும்.